வாயோரம் ஏன் கசங்குகிறது

அன்புள்ள சரவணா,

உன் கார்ட்டூன் தலையின் பிளெண்டர் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தலையின் வடிவத்தில் குறை இல்லை. சிரிக்க வைத்தால் மட்டும் வாயோரத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. நீ கோடுகளை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யப் பார்த்திருக்கிறாய், அது சரியாகாது. வாய்க்கு நேராக ஒரு வெட்டு மட்டும் போட்டிருக்கிறாய். அதனால் உதட்டிலிருந்து கிளம்பும் எட்ஜ்கள் எல்லாம் நேரே காதுக்கு ஓடுகின்றன. வாயைச் சுற்றி வரும் லூப் ஒன்றுகூட இல்லை. வாயோரத்தை மேலே இழுத்தால் அந்த நேர்க்கோடுகள் மடங்கத்தானே செய்யும்?

தலையைப் புதிதாகவே தொடங்கு, அதிக நேரம் ஆகாது. கியூபுக்கு சப்டிவிஷன் சர்ஃபேஸ் லெவல் 2 கொடுத்து அப்ளை செய்தால் 96 ஃபேஸ் கிடைக்கும். ஒரு பாதியை அழித்துவிட்டு, கிளிப்பிங் போட்ட மிரர் மாடிஃபையரைச் சேர். முன்பக்கப் பாதியில் இப்போது 2 பத்தி, 4 வரிசை இருக்கும். ஃபேஸ்களுக்குள்ளே சிறிய வளையம் போடும் இன்செட்டை உடனே போட்டுவிடாதே. நான்குக்குக் கூடவோ குறையவோ எட்ஜ்கள் சேரும் வெர்டெக்ஸ்களான போல்கள் எங்கே உட்காரும் என்பது முதல் இன்செட்டிலேயே தெரியும்; அவை எங்கே நிற்கும் என்பது முடிவாகிவிடும், ஆகவே கட்டங்களை அதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும்.

நடுக்கோட்டை ஒட்டிய பத்தியில் Ctrl+R கொடுத்து நெடுக்காக ஒரு லூப் சேர். அது மூக்குத் தண்டுக்கான இடம். அதை விட்டால் இரண்டு கண்களும் நடுக்கோட்டில் முட்டிக்கொண்டு, அங்கே 6 எட்ஜ் சேரும் போல் உருவாகும். பிறகு அடி வரிசையில் கிடையாக 3 லூப். இப்படிப் பிரித்துக்கொள்: கண்ணுக்கு மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசை, அதன் கீழே இடைவெளிக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு, தாடைக்கு ஒன்று. அடி வரிசையில் நெருங்கிக் கிடக்கும் கோடுகளைக் கொஞ்சம் மேலே பரப்பிவிடு.

கண்ணுக்கு வெளிப்பக்க இரண்டு பத்தியிலும் கண்ணுக்கென ஒதுக்கிய இரண்டு வரிசையிலுமாக 4 ஃபேஸைத் தேர்ந்தெடுத்து I அழுத்தி இன்செட் போடு. 8 வெர்டெக்ஸ் கொண்ட வளையம் வரும். Shift+Alt+S கொடுத்து உருண்டையாக்கு. கண்ணின் இரு முனைக்கு ஒவ்வொன்று, மேலிமைக்கு 3, கீழிமைக்கு 3. கார்ட்டூனுக்கு இது தாராளம். 5 எட்ஜ் போல்கள் நான்கும் இன்செட்டின் வெளி மூலைகளிலேயே நின்றுவிடும். புருவத்தின் மேலும் கன்னத்திலும், அதிகம் மடங்காத இடமாகப் பார்த்து அவற்றைத் தள்ளிவை.

வாய்க்கு உள்பக்க இரண்டு பத்தி, இரண்டு வரிசை. இங்கே இன்செட் போடும்போது B அழுத்தி Boundary-ஐ அணைக்க வேண்டும். மறந்தால் நடுக்கோட்டிலும் இன்செட் விழுந்து உதட்டின் நடுவே ஒரு பட்டை நிற்கும். முழு வாயில் 12 வெர்டெக்ஸ்: மேலுதட்டில் 5, கீழுதட்டில் 5, ஓரத்துக்கு ஒன்று. அந்த ஓர வெர்டெக்ஸ் கண்ணின் நடுவுக்கு நேர் கீழே வருவது கூடுதல் வசதி. மேல் போலை மூக்குப் பக்கக் கன்னத்துக்கும், கீழ் போலைத் தாடைப் பக்கமும் நகர்த்து. உன் பழைய ஃபைலில் போல் ஒன்று உதட்டோரத்திலேயே இருந்தது. பள்ளம் பெரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வளையங்களைக் கூட்டுவது எளிது. வளையத்துக்குள் Ctrl+R போட்டால் புது லூப் வாயை மட்டும் சுற்றி மூடிக்கொள்ளும், பின்மண்டையில் ஒரு ஃபேஸும் அதிகமாகாது. உதட்டு விளிம்பு, உதட்டின் வெளிக்கோடு, சிரிப்புக் கோடு என்று மூன்று வைத்தால் போதும். அதற்கு மேல் கூட்டினால் ஒவ்வொரு முகபாவத்துக்கும் நகர்த்த வேண்டிய புள்ளிகள்தான் பெருகும். உள்ளே இருக்கும் ஃபேஸ்களை உள்நோக்கி எக்ஸ்ட்ரூட் செய்து உதட்டுத் தடிப்பையும் வாய்க்குழியையும் கொடு. வாயைச் சற்றுத் திறந்த நிலையிலேயே மாடல் செய். உதடுகள் ஒட்டியிருந்தால் ஆட்டோமேட்டிக் வெயிட் மேலுதட்டையும் தாடை எலும்போடு சேர்த்து இழுக்கும்.

கண்ணில் இன்னொரு சங்கதி. முகபாவத்தைப் பதிந்து வைக்கும் ஷேப் கீயில் வெர்டெக்ஸ்கள் நேர்க்கோட்டில்தான் போகும். திறந்த நிலையும் மூடிய நிலையும் சரியாக இருந்தாலும், 0.5-இல் இமை விழிக்குள் புதைந்து விழி வெளியே துருத்தும். விழியின் மையத்தில் ஒரு எலும்பை வைத்து இமையைச் சுழற்றினால் இமை வளைவாகவே இறங்கும். அப்படியும் துருத்தினால் மேலிமையில் வரிசை குறைவு என்று அர்த்தம். விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே இன்னொரு லூப் சேர்.

அகன்ற சிரிப்பு, ‘ஓ’, கண் மூடல் மூன்றையும் தலையின் நகல் ஒன்றில் இழுத்துப் பார். ஒரிஜினலில் ஷேப் கீ சேர்த்துவிட்டால் பிறகு மிரரை அப்ளை செய்ய பிளெண்டர் விடாது. சிரிப்பில் நிழல் எங்கே உடைகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
குமார்