ஓடிபியை வாசலுக்கு வந்து கேளுங்கள்

கடலூர் கூரியர் கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். போன திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உங்கள் பையன் வைத்துவிட்டுப் போன பார்சல் பற்றி உங்களுக்கே தெரியும், மூன்று நாளாகப் போன் அடித்தது நான்தான். பெட்டியில் இருந்த பின்கோடு 607002, திருப்பாதிரிப்புலியூர். எங்களுடையது 607001. கதவு எண்ணும் தெருப் பெயரும்தான் ஒன்று. பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் ஏது, அதற்குத்தானே பின்கோடு?

தெர்மாகோல் பெட்டி, மேலே '2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும்' என்று ஸ்டிக்கர். எங்கள் அம்மாவும் இன்சுலின் போடுகிறவர் என்பதால் பார்த்ததும் புரிந்துவிட்டது. பிரிக்கவில்லை. லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அந்த மருந்தைத் தூக்கித்தான் போட வேண்டும்.

அப்புறம் கஸ்டமர் கேர். லேபிளில் இருக்கிற ஏடபிள்யூபி என்கிற பார்சல் எண்ணைச் சொன்னால் 'பதிவு செய்த மொபைல் எண் சொல்லுங்கள்' என்கிறார்கள். அது யாரோ ஒருவருடைய எண், லேபிளில் கடைசி நான்கு இலக்கம்தான் தெரிகிறது. மறைத்தது சரிதான், மறைத்ததை என்னிடமே கேட்டால் எப்படி? திரையில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டுகிறதாம், அதனால் புகாரே பதிய முடியாதாம். உங்கள் கிளையிலோ 'பையன் வருவான்'. புதன் மாலை வரை வரவில்லை.

பொறுக்க முடியாமல் பெட்டியை ஐஸ் பையோடு கட்டிக்கொண்டு நானே போனேன். கதவைத் திறந்த பெரியம்மா முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். "வாசல்ல நிக்கிறேன், ஓடிபி சொல்லுங்கன்னு போன்ல கேட்டான் தம்பி, சொன்னேன். வெளிய வந்து பாத்தா ஆளே இல்ல" என்றார். அவன் அப்போது நின்றது என் வாசலில். பெரியம்மா புகார் சொன்னதற்கு 'ஓடிபி கொடுத்தாச்சு, பார்சல் வாங்கியாச்சு' என்று பதில் வந்திருக்கிறது. பழைய இன்சுலின் பேனாவில் ஒரு நாளுக்குத்தான் மருந்து இருந்ததாம்.

ஏடபிள்யூபி எண், தேதி, 'பிரிக்காமல் பெற்றேன்' என எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். என் கைக்கு வரும்முன் எவ்வளவு நேரம் வெளியே கிடந்ததோ, போடும்முன் மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். பெட்ரோல் காசு வேண்டாம். அந்தப் பார்சலுக்கான டெலிவரி கமிஷனை மட்டும் எனக்கு அனுப்புவீர்களா?

சரி, கோபத்தை விடுகிறேன். பையனை வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள், பார்சலுக்கு இவ்வளவு என்று ஓடுகிறவன். ஓடிபியைப் போனில் கேட்காமல், ஆளை நேரில் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். தவறி வந்த பார்சலை ஏடபிள்யூபி எண் மட்டும் சொல்லித் திருப்பித் தர ஒரு வழி வையுங்கள். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், ஓடிபியை வாசலுக்கு வந்து கேளுங்கள்.

கையெழுத்துத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள், வீடுதான் உங்கள் பையனுக்குத் தெரியுமே.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் அல்லாத ஒருவன்