மோட்டார் ஓடுது, தண்ணி வரல

அன்புள்ள தம்பிக்கு,

குத்தகை நிலத்துக் கிணற்றில் புது மோட்டார் மாட்டப் போவதாகச் சொன்னாய். அதனால் மேற்குத் தோட்டத்துப் பெரியப்பா வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பழைய 3 எச்.பி.யைக் கழற்றிவிட்டுப் புது 5 எச்.பி. மோனோபிளாக் வைத்தார்கள். கிணற்றுக்குள் இருக்கும் மேடையில்தான் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி நிரப்பி ஸ்டார்ட்டரை அழுத்தினால் அரை நிமிஷம் தண்ணீர் கொட்டும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவுக்கு முதல் சந்தேகம், ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றுகிறதோ என்று. ஒருமுறை போட்டு உடனே நிறுத்தி, பின்பக்கக் காற்றாடி எந்தப் பக்கம் சுற்றி ஓய்கிறது என்று பார்த்தார்கள். பம்ப் உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறிப் பக்கமேதான் சுற்றியது. மாறியிருந்தால் மெயினை அணைத்து, மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் சோகையாக வந்துகொண்டே இருக்கும். நன்றாக வந்து அறுந்து போகாது. அக்கா அங்கேயே பிடித்துவிட்டாள்: "வந்து நிக்குதுன்னா உள்ள காத்து பூருதுங்கப்பா."

ஆம்பியர் மீட்டரும் அதையேதான் சொன்னது. தகட்டில் 7.5 ஆம்பியர் என்று போட்டிருக்க, முள் நாலுக்குக் கீழே கிடந்தது. தண்ணீரைத் தூக்காத பம்ப் கரண்டும் குறைவாகவே இழுக்கும். டெலிவரி வால்வு மூடியிருந்தாலும் முள் இப்படித்தான் இறங்கும் என்பதால் அதையும் பார்த்தார்கள். முழுக்கத் திறந்துதான் இருந்தது.

அடுத்து ஆழம். பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கயிறு விட்டு அளந்ததில் 16 அடி. காற்றழுத்தக் கணக்குக்கு 34 அடி வரை ஏற வேண்டும். நடைமுறையில் 20, 22 அடியைத் தாண்டினாலே பம்ப் திணறும். இங்கே அது இல்லை.

மிச்சம் இரண்டு. அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகலாம், அல்லது தண்ணீரை இழுக்கும் சக்ஷன் பக்கத்தில் எங்கோ காற்று புகலாம். இதைப் பிரித்தறிய அக்கா செய்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. டெலிவரி வால்வை மூடி, மேல் துளை வழியாகக் குமிழி அடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, மோட்டாரைப் போடாமல் விட்டாள். ஃபுட் வால்வு கெட்டிருந்தால் மட்டம் நிற்காமல் இறங்கிக் குழாயே காலியாகிவிடும். இங்கே கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டது. துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த இடத்தை வெளியே வைத்துப் பார்த்தால், சக்ஷன் குழாயைப் பம்போடு இணைக்கும் பிளேஞ்சின் மேல் விளிம்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரைதான் தண்ணீர் கசியும். பம்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் மேலே நிற்கும் தண்ணீரின் எடை கொஞ்சம்தான். அதனால் சொட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் பிளேஞ்சு ஓரமாக வழிந்துவிடும்.

உறுதி செய்ய மோட்டாரைப் போட்டு, தண்ணீர் கொட்டும் அந்த அரை நிமிஷத்துக்குள் ஊதுபத்தியைப் பிளேஞ்சைச் சுற்றிக் காட்டினாள். மேல் பக்கம் வந்ததும் புகை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போனது. காற்றாடிப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள், தாவணி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

கழற்றிப் பார்த்தால் பிட்டர் பழைய பேக்கிங்கையே வைத்து முடுக்கியிருக்கிறார். அது காய்ந்து இறுகிப் போயிருந்தது. போதாததற்குக் கீழ் போல்ட்டுகளை முழுக்க முடுக்கிவிட்டு மேலே வந்ததில் பிளேஞ்சு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. 3 மி.மீ. ரப்பர் ஷீட்டில் புது பேக்கிங் வெட்டி, நான்கு போல்ட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். சக்ஷன் குழாயின் எடை பிளேஞ்சைப் பிடித்து இழுக்காதபடி கீழே ஒரு கிளாம்ப்பும் கொடுத்தார்கள். அதன் பிறகு ஊற்றிய தண்ணீர் துளை வாயிலேயே நின்றது, மீட்டர் முள்ளும் ஏழு பக்கம் போனது.

தண்ணீர் இல்லாமல் அவர்கள் ஓட்டிப் பார்த்த நேரம் கொஞ்சம்தான், அதனால் சீல் தப்பியது. தண்ணீர் உள்ளே இல்லாவிட்டால் அது சூடேறித் தேய்ந்துவிடும். வரவில்லை என்று தெரிந்தால் உடனே அணைத்துவிடு.

உன் பிட்டரிடம் புது ரப்பர் ஷீட் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வை. மேடையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று சித்திரையில் அளந்து எழுது. இப்போது அளக்கும் அளவை நம்பி மோட்டார் வைக்காதே.

அன்புடன்,
அப்பா