புதிதாகச் சேர்பவரிடம் மெயிலில் எதைக் கேட்கிறீர்கள்?

நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினருக்கும் கணினிப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

ஒருவர் வேலைக்குச் சேரும் முதல் வாரத்தில் நீங்கள் அவருக்கு அனுப்பும் மெயில்களையும் அவரிடமிருந்து கேட்டு வாங்கும் மெயில்களையும் பற்றித்தான் இந்த மடல். அலுவலக மெயில் கணக்குகளைப் பராமரிப்பது என் வேலை. ஒரு கணக்கு களவு போனால், அதற்குள் என்னவெல்லாம் இருந்தது என்று பார்த்துச் சொல்வதும் என் வேலைதான். அப்படித் தேடும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த முதல் வார மெயில்கள்தான்.

வழக்கமாக நடப்பது இது. "அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம் மூன்றையும் இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்பவும்" என்று மனிதவளப் பிரிவு எழுதுகிறது. கணினிப் பிரிவு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே மெயிலில் எழுதி, மேலாளருக்கும் ஒரு நகல் போட்டு அனுப்புகிறது. அந்த அடையாள அட்டை ஒரு மாதம் கழித்து எங்கெல்லாம் இருக்கும் என்று பாருங்கள். அனுப்பியவருடைய 'அனுப்பியவை' பெட்டியில் இருக்கும், அவர் கைபேசியிலும் இருக்கும். உங்கள் பிரிவின் பொது முகவரிக்கு வந்திருந்தால், அந்த முகவரியைப் பார்க்கும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். சம்பளக் கணக்கு பார்ப்பவருக்கு நீங்கள் பார்வர்ட் செய்திருப்பீர்கள், அங்கேயும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பேக்கப் வேறு. வேலை முடிந்ததும் உங்கள் பெட்டியில் இருப்பதை அழித்தாலும் மற்றவை அப்படியே கிடக்கும்.

"மெயில் இப்போது என்கிரிப்ட் ஆகித்தானே போகிறது?" என்று கணினிப் பிரிவு நண்பர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. ஆனால் அந்தப் பூட்டு சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள வழிக்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த பிறகு, பெட்டியைத் திறக்க முடிந்த எவரும் படிக்கலாம். திருடர்களும் பெரும்பாலும் வழியில் ஒட்டுக் கேட்பதில்லை. போலி உள்நுழைவுப் பக்கம் ஒன்றைக் காட்டிக் கணக்கையே கைப்பற்றுகிறார்கள். அப்புறம் தேடல் கட்டத்தில் 'password', 'bank' என்று தட்டிப் பார்த்தாலே போதும், பழைய மெயில்கள் வரிசையாக வந்து நிற்கும். வருகிற மெயில்களை எல்லாம் வெளி முகவரி ஒன்றுக்குத் தானாக அனுப்பும்படி ஒரு விதியையும் அமைத்துவிட்டுப் போவதுண்டு. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் கணக்கை மீட்டதும் அதைத் தேடிப் பார்த்து நீக்க வேண்டும்.

திருடனே இல்லாமலும் மெயில் வெளியே வரும். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான எண்ரான் கணக்கு முறைகேட்டால் சரிந்த பிறகு விசாரணைக்காக எடுக்கப்பட்ட அதன் ஊழியர்களின் மெயில்களை, அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003-ல் பொதுவெளியில் வைத்தது. முறைகேட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் குடும்ப விஷயங்களும் அதில் இருந்தன. பிறகு சிலவற்றை நீக்கினார்கள். அதற்குள் பலர் நகல் எடுத்துவிட்டார்கள்.

ஜிப் கோப்பாக்கிக் கடவுச்சொல் போட்டு அனுப்பிவிட்டு, அந்தக் கடவுச்சொல்லை அடுத்த மெயிலில் அனுப்பும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. முதல் மெயிலைப் பார்க்க முடிந்தவர் இரண்டாவதையும் பார்ப்பார். போதாக்குறைக்கு, பூட்டிய ஜிப்புக்குள் வைரஸ் இருந்தால் மெயில் சர்வரின் சோதனைக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஜப்பானில் இது அரசு அலுவலகம் வரை பரவிய வழக்கமாக இருந்தது. 2020 நவம்பரில் அந்நாட்டு டிஜிட்டல் துறை அமைச்சர், அமைச்சரவை அலுவலகத்தில் இதை நிறுத்துவதாக அறிவித்தார். கோப்பைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றால் சாவி வேறு வழியில் போகட்டும். ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த மெயிலிலேயே உள்ள எண்ணைப் பார்த்துக் கூப்பிட வேண்டாம்.

கடவுச்சொல்லுக்கு இன்னும் நல்ல வழி, நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே இருப்பது. கணக்கை உருவாக்கிவிட்டு, அவரே கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளும் இணைப்பை அனுப்புங்கள். அது ஒரு முறை மட்டுமே திறக்க வேண்டும், ஒரு நாளில் காலாவதியாக வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு அமைப்பு, வரும் இணைப்புகளைத் தானே ஒரு முறை திறந்து சோதித்துப் பார்க்கும். ஆள் போய்த் திறந்தால் "இந்த இணைப்பு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வரும். அதனால் பக்கம் திறந்த பிறகு பொத்தானை அழுத்தினால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகையில் அமையுங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் "ஏற்கெனவே பயன்படுத்தியதாகக் காட்டுகிறது" என்று சொன்னால் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். வேறு யாரோ திறந்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை முடக்கி, புதிய இணைப்பு கொடுங்கள்.

ஆவணங்களுக்கு, பதிவேற்ற மட்டும் அனுமதிக்கும் இணைப்பு ஒன்று போதும். அனுப்புபவர் கோப்பைப் போடலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. உங்கள் பிரிவில் இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி இருக்கட்டும். தேவையில்லாத எண்களை மறைத்து அனுப்பச் சொன்னால், எப்படி மறைப்பது என்பதையும் சொல்லுங்கள். பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மட்டும் போதாது. பல சமயம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டினாலே அடியில் உள்ள எண் வந்துவிடும். அச்சிட்டு, பேனாவால் நன்றாக அடித்துவிட்டு, மறுபடி படம் எடுப்பது பாமரருக்கும் முடியும்.

அடுத்தது, தகுதிகாண் காலத்தில் எழுதப்படும் விமர்சனம். "இவரை எடுத்திருக்கவே கூடாது, பேச்சு மட்டும்தான்" என்று ஒரு மேலாளர் உங்களுக்கு மெயில் எழுதுகிறார். நீங்கள் பதில் போடுகிறீர்கள், இழை நீள்கிறது. சில மாதம் கழித்து அதே இழையில் ஒரு விடுப்புக் கணக்கைச் சேர்த்து யாரோ அந்த ஊழியருக்கே பார்வர்ட் செய்கிறார்கள், கீழே இருப்பதைப் பார்க்காமலே. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய தகவல்களைத் தரும்படி ஊழியரே கேட்கலாம். அவரைப் பற்றி எழுதிய கருத்துகளும் அதில் அடங்கும். ஆகவே, மேலாளரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால் பதில் எழுத வேண்டாம். கூப்பிட்டுப் பேசுங்கள். பேசிய பிறகு, எந்த நாள், எந்த வேலை, என்ன நடக்கவில்லை என்பதை மட்டும், அந்த ஊழியரிடமே காட்டக்கூடிய சொற்களில் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இது தொந்தரவு, முறைகேடு பற்றிய புகார்களுக்குப் பொருந்தாது. அவை எழுத்தில் பதிவாகத்தான் வேண்டும். அதற்கென உள்ள புகார் வழியில் போகட்டும்.

ஏற்கெனவே அனுப்பியாயிற்றா? கடவுச்சொல் என்றால் மெயிலை அழிப்பதில் நேரம் போக்காமல் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளி நிறுவனத்துக்குப் போன மெயிலைத் திரும்பப் பெறும் வசதியை நம்ப வேண்டாம். அடையாள அட்டை என்றால், யாருக்குப் போனதோ அவரிடம் சொல்லி, குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்கச் சொல்லி, யாருக்காவது பார்வர்ட் செய்தாரா என்றும் கேளுங்கள். அடையாள அட்டையைக் கடவுச்சொல்லைப் போல நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் அந்த மூன்று ஆவணங்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் வரவேற்பு மெயில் எங்கோ ஒரு மாதிரி வடிவமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இன்று திறந்து, ஆவணம் கேட்கும் வரியையும் கடவுச்சொல் வரியையும் எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

"உங்கள் ஆவணங்களைக் கீழே உள்ள இணைப்பில் பதிவேற்றுங்கள். மெயிலில் அனுப்ப வேண்டாம். கடவுச்சொல்லை நீங்களே அமைத்துக்கொள்ள ஒரு இணைப்பு தனியாக வரும். அது ஒரு நாள் மட்டும் செல்லும். நாங்கள் எப்போதும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டோம். யாராவது எங்கள் பெயரில் கேட்டால், நேர்காணலுக்கு அழைத்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள்."

இப்படிக்கு,
மெயில் கணக்குகளைப் பராமரிக்கும் ஓர் ஊழியர்