நிலச்சரிவுக் காப்பீடு: பாதியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கால முன்னெச்சரிக்கை பற்றிய உங்கள் கட்டுரையில், வீட்டுக் காப்பீட்டில் நிலச்சரிவும் அடங்கும், மலைமக்கள்தான் அக்கறையில்லாமல் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு வலித்தது. நான் எடுத்திருந்தேன் ஐயா. வீட்டுக்கடனோடு வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு பாலிசியைக் கையில் கொடுத்தது. அதில் ஒரு வரிகூடத் தமிழிலோ மலையாளத்திலோ இல்லை.

பீர்மேடு பக்கம் சமதளம் ஏது? மேல்புறம் மலையை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்புறம் கொட்டி மட்டம் பண்ணித்தான் வீடு கட்டுகிறோம். பாதி வீடு கெட்டி மண்ணில், பாதி வீடு கொட்டிய மண்ணில். மழைத் தண்ணீர் இறங்கினால் கொட்டிய மண் அமுங்கும், கெட்டி மண் அப்படியே நிற்கும். எங்கள் சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து கல் இணைப்புகளைப் பிளந்துகொண்டு படிப்படியாக விரிசல் ஏறியது. மேலே போகப்போக அகலம். கதவைச் சாத்த முடியவில்லை.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் பாலிசியைப் புரட்டிக் காட்டினார். 2021 முதல் நடப்பிலிருக்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் நிலம் அமிழ்வதும் நிலச்சரிவும் சேர்ந்தவைதான். ஆனால் பக்கத்திலேயே விலக்குகள்: புதுக்கட்டடம் இயல்பாக இறங்கி விழும் விரிசல், கொட்டி நிரப்பிய மண்ணின் அசைவு, ஆற்றரிப்பு, கட்டுமானக் குறை, மண் வெட்டும் வேலை. கீழே ரோட்டுக்காக ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டியிருந்தார்கள். அதுவும் எங்கள் தலையில் விழுந்தது. க்ளெய்ம் இல்லை.

திடீரென்று நேர்வதற்குத்தான் காப்பீடு, நிரப்பிய மண் என்றைக்கிருந்தாலும் அமுங்கும், அது கட்டியவர் பொறுப்பு என்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலையில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன என்று தெரிந்திருந்தும், இடத்தை வந்து பார்க்காமல் பிரீமியம் வாங்குவது எந்த நியாயம்?

அக்கறை இல்லை என்கிறீர்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 உயிர் மண்ணுக்குள் போனது. பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள், அவர்களுக்குச் சொந்தமா, கட்டடத்துக்குப் பாலிசி எடுக்க? பரம்பரை பரம்பரையாகக் கொழுந்து கிள்ளியும் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களைப் பார்த்து அந்த வார்த்தையை எழுதலாமா? தேர்தல்தோறும் பட்டா தருகிறோம் என்பார்கள். அதைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த விலக்குகளைத் தமிழில் ஒருமுறை அச்சிடுங்கள். முற்றத்து மண்ணே வளைவாகப் பிளந்து, மரமும் போஸ்டும் சாய்ந்திருந்தால் அது சரிவின் அடையாளம். பிளவை மூடுமுன் தேதியோடு படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் போடுங்கள். நிறுவனம் மறுத்தால், ஒரு வருடத்துக்குள் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் வக்கீலும் கட்டணமும் இல்லாமல் முறையிடலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீர்மேடு, இடுக்கி மாவட்டம்