காலையில் வந்த கால்தடப் படம் பற்றி

வணக்கம். காலை 6 மணிக்குக் குழுவில் சேற்றில் பதிந்த கால்தடப் படம் ஒன்று வந்தது. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. என்ன விலங்கு என்று கேட்கிறீர்களா, எச்சரிக்கிறீர்களா, பார்த்ததைச் சும்மா பகிர்ந்தீர்களா, புரியவில்லை. நம் வால்பாறைப் பக்கம் என்பதால், தெளிவாகும் வரை இதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வோம்.

படத்தில் தெரிவது: நான்கு விரல்கள், நகக்கீறல் இல்லை, உள்ளங்கால் மேட்டின் பின்விளிம்பில் மூன்று புடைப்புகள். நாய்த்தடத்தில் பொதுவாக நகம் பதியும். அதனால் இது பூனை இனமாகத்தான் இருக்க வேண்டும். காட்டுப்பூனையா சிறுத்தையா என்பதை அளவுதான் சொல்லும். பக்கத்தில் எதுவும் வைக்காமல் எடுத்ததால் அது தெரியவில்லை. ஈரச்சேறு தடத்தைப் பெரிதாக்கியும் காட்டும்.

படம் போட்டவர் தடம் இருக்கும் இடத்தையும் பார்த்த நேரத்தையும் உடனே எழுதுங்கள். மறுபடி எடுப்பதானால் தனியாகப் போகாமல், வெளிச்சத்தில், ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பெட்டியின் நீளம் சுமார் 5 செ.மீ. தடம் அதற்குள் அடங்கினால் காட்டுப்பூனையாக இருக்கலாம். நன்றாகத் தாண்டினால் சிறுத்தை என்று கருதி வனத்துறைக்குச் சொல்வோம்.

அதுவரை இருட்டிய பிறகு குழந்தைகளைத் தேயிலைக்காட்டு ஓரம் தனியாக விடாதீர்கள். நாய்களையும் வெளியே கட்ட வேண்டாம்.