கரையான் மருந்துக்கு யார் காசு கொடுப்பது?

கண்ணு,

போட்டோ எல்லாம் பார்த்தேன். பின் அறை நிலைக்கால் ஓரமாகக் கோடு போட்ட மாதிரி ஏறியிருக்கிற மண் கரையான் தான், சந்தேகமே இல்லை. வீட்டுக்காரர் "நீங்க வந்த பிறகுதான் வந்தது, உங்க அட்டைப்பெட்டியால் வந்தது" என்று சொன்னதைக் கேட்டு நீ பாதிக் காசு தருகிறேன் என்று சொல்லக் கிளம்பியிருக்கிறாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். இன்னும் சொல்லவில்லையென்றால் சொல்லாதே.

நம் ஊரில் காணும் கரையான் பெரும்பாலும் மண்ணுக்குள் கூடு வைப்பது. தரையும் சுவரும் சேரும் இடத்து விரிசல் வழியாக ஏறி, வெளிச்சமும் காற்றும் படாமல் இருக்க மண்ணால் பாதை கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகும். பெட்டியோடு மூட்டைப்பூச்சி வரும், கரப்பான் முட்டை வரும், ஆனால் இந்தக் கரையான் அப்படி வருவதில்லை. ஏற்காட்டில் உன் வீடு மாதிரி பின்சுவர் மேட்டு மண்ணோடு ஒட்டி நிற்கிற வீட்டில் ஈரம் என்றைக்கும் காயாது, அதற்கு அதுவே போதும். உன் அட்டைப்பெட்டி அதற்குத் தீனி ஆனது உண்மை, வழி ஆனது மண்.

ஒரு வேலை செய். திருப்புளியின் பின்பக்கத்தால் நிலைக்காலைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வா. எங்கே சத்தம் பொத்தென்று மாறுகிறதோ அங்கே பெயின்டுக்கு உள்ளே மரம் இல்லை. நீ குடி போய் நாலு மாதம்தான் ஆகிறது; இடுப்பு உயரத்துக்குக் கால் கூடாகியிருந்தால் அது உன் காலத்து வேலை என்று கட்டட வேலை தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய ஓட்டையில் பட்டி பூசி அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் நல்லது, அதையும் போட்டோ எடு. மண் பாதையில் விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு ரெண்டு மூன்று நாள் கழித்துப் பார். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. முழுவதையும் துடைத்துச் சுத்தம் செய்துவிடாதே, மருந்து அடிக்க வருகிறவனுக்கும் அதுதான் அடையாளம்.

அப்புறம் சட்டம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017 சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எந்தப் பழுது யார் பொறுப்பு என்று ஒரு அட்டவணை உண்டு. கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு இந்த மாதிரி வாடகைக்கு இருப்பவருக்கு. பூச்சி மருந்து ரெண்டு பக்கத்திலும் இல்லை. அங்கேதான் எல்லாச் சண்டையும் வருகிறது. ஆனால் கரையான் தின்கிறது நிலையையும் பரணையும் கூரை மரத்தையும், அவை அவருடைய கட்டடம். நீ காலி செய்த பிறகும் அந்த மருந்தின் பலன் அவருக்குத்தான். அதனால் முழுச் செலவும் அவருடையது என்று பேசுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற நானும் அப்படித்தான் செய்வேன். (மாடியில் மூட்டைப்பூச்சி வந்தபோது மட்டும் கொடுக்க மாட்டேன் என்றேன், அது அவர்கள் வாங்கி வந்த பழைய கட்டிலோடு வந்தது.)

உன் பக்கம் தப்பு இருந்தால் கணக்கு மாறும். குளிருக்கு வாங்கிய விறகைச் சுவரோடு அடுக்கி வைத்தாயா, குழாய் ஒழுகுவதைச் சொல்லாமல் விட்டாயா, மண் ஏறுவதைப் பார்த்தும் மாதக்கணக்கில் சும்மா இருந்தாயா? இல்லை என்றால் விடு. ஒப்பந்தத்தையும் எடுத்துப் படி. "சிறு பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு" என்ற வரியைக் காட்டுவார், தரையைத் துளைத்து மருந்து ஊற்றுவது சிறு பராமரிப்பு ஆகாது.

வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் பழுதை நாமே பார்த்து வாடகையில் கழிக்கலாம், மாதத்துக்குப் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. உன் தோழி சொன்னது இதைத்தான். ஆனால் அது அட்டவணையில் உள்ள பழுதுக்கும் ஒப்புக்கொண்ட பழுதுக்கும். மருந்து அதில் பேர் சொல்லி இல்லாததால், அவரைக் கேட்காமல் கழித்தால் வாடகை பாக்கி என்று உன் மேலேயே திருப்புவார். மருந்துக்கு ஆகிற 8,400 ரூபாய்க்காக வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து அலைகிற வேலை நமக்கு வேண்டாம். அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கு. போனில் பேசு, பேசி முடித்ததும் வாட்ஸப்பில் இப்படி அனுப்பு:

"சார், பின் அறை நிலை, பரண் ரெண்டிலும் கரையான் ஏறியிருக்கிறது, போட்டோ அனுப்பியுள்ளேன். மருந்துக்கு 8,400 ஆகும் என்கிறார்கள். நீங்களே ஆள் அனுப்பினாலும் சரி, இல்லையென்றால் நான் கொடுத்துவிட்டு அடுத்த ரெண்டு மாத வாடகையில் 4,200, 4,200 ஆகக் கழித்துக்கொள்கிறேன். எது சரி என்று சொல்லுங்கள்."

9,000 வாடகையில் பாதி 4,500, அதற்குள் அடங்குகிறது. அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், பில்லையும் அதிலேயே அனுப்பிவிடு. கொஞ்சம் இழுத்தால், அறையைக் காலி செய்து சாமான் நகர்த்துவது, பெட்டிகளை இரும்பு ஸ்டாண்டுக்கு மாற்றுவது என் செலவு என்று சொல்லிப் பார், பெரும்பாலும் இறங்கி வருவார். கரையான் அரித்துப் போன உன் புத்தகங்களுக்கு நஷ்டஈடு கேட்காதே, அதைக் கேட்டால் பேச்சே வேறு பக்கம் போய்விடும்.

மருந்து அடிக்கிறவன் விஷயம் இன்னும் முக்கியம். சுவர் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனால் கண்ணில் பட்டது சாகும், மண்ணில் உள்ளது வேறு பக்கமாக ஏறும். சரியான முறை, சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக அரை அங்குலத் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை, உள்வாங்குகிற அளவுக்கு மருந்துத் தண்ணீர் இறக்கி, சிமென்ட்டால் அடைப்பது. நிலைக்காலில் சாய்வாகச் சின்னத் துளை தனி. உன் ரெண்டு அறையும் நடையும் சுற்றி 110 அடி வரும், அப்படியானால் நூறு லிட்டருக்குப் பக்கமாகக் கலக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்ப்ரேயர் டப்பாவோடு வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறவனுக்குக் காசு கொடுக்காதே. பூச்சி மருந்து அடிக்கிற உரிமம் இருக்கிறதா, ஊற்றுகிற மருந்து இமிடாகுளோப்ரிட்டா குளோர்பைரிபாஸா என்று கேட்டு பில்லில் எழுத வை. பக்கத்தில் கிணறோ ஊற்றோ இருப்பதை முன்னாலேயே சொல்லிவிடு, அந்தப் பக்கம் மண்ணில் மருந்து இறக்கவே கூடாது. கேரண்டி அட்டையை வீட்டு விலாசத்துக்கும் வீட்டுக்காரர் பேருக்கும் வாங்கு. அவர் செலவு என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி, நீ காலி செய்தாலும் அவருக்கு உதவும், அதைச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வைக்கலாம்.

பின்சுவர் ஓரத்து மேட்டு மண்ணை வெட்டி ஒரு வாய்க்கால் விட்டால் பாதி ஈரம் குறையும், அதையும் அவரிடம் சொல். அடுத்த ஒப்பந்தம் போடும்போது "கரையான் உரிமையாளர் பொறுப்பு, கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல், மறுக்க மாட்டார்.

ஆள் வருகிற நாள் தெரிந்ததும் போன் பண்ணு. ஞாயிறாக இருந்தால் காலை பஸ்ஸுக்கு நானும் மேலே வருகிறேன், துளையை எண்ண ஒரு ஆள் வேண்டும்.

அப்பா