கணக்குப் பிரிவுக்கு நீ எழுதிய மின்னஞ்சல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழுத் தலைவராகப் பொறுப்பேற்றிருக்கிறாய் என்பதில் மிக்க மகிழ்ச்சி. நான் இன்னும் பழைய கையேட்டுப் பிரிவில்தான் இருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்துவதே என் பிழைப்பு என்பதால், நீ இணைத்து அனுப்பிய மின்னஞ்சலைக் கடிதத்துக்கு முன்பே படித்துவிட்டேன். கணக்குப் பிரிவிலிருந்து 'நன்றி' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்ததாகவும், அதன் பிறகு அவர்கள் தரப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும், எல்லாவற்றையும்தான் சொல்லியிருந்தேனே என்றும் எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய பத்தியை இங்கே மறுபடியும் எழுதுகிறேன். கணக்குப் பிரிவின் மேலாளராக உன்னை எண்ணிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்.

"புதிய இன்வாய்ஸ் மாட்யூலின் ரோல்அவுட் தொடர்பாக ஸ்டேக்ஹோல்டர்களுடன் அலைன் ஆகி வருகிறோம். தற்போது பேண்ட்விட்த் குறைவாக இருப்பதால் டேட்டா மைக்ரேஷன் சற்றுத் தள்ளிப்போகும். கணக்குப் பிரிவுடனான சினெர்ஜியை லெவரேஜ் செய்து இதை முன்னெடுத்துச் செல்வோம். விவரங்களை ஆஃப்லைனில் பேசிவிட்டு அடுத்த வாரம் சர்க்கிள் பேக் செய்கிறோம்."

உன் குழுவில் இருக்கும் எவருக்கும் இதில் குழப்பம் வராது. காலையில் நடந்த கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள். எந்தப் பணி, எவரால் தள்ளிப்போகிறது, யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. மேலாளரிடம் அந்த நினைவு இல்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்த மாத இறுதியில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய இன்வாய்ஸ்களைப் பழைய முறையில் தயாரிப்பதா, புதிய முறைக்காகக் காத்திருப்பதா? நான்கு வாக்கியங்களில் எதுவும் அதற்குப் பதில் சொல்லவில்லை. புரியவில்லை என்று எழுதிக் கேட்கவும் பலருக்குத் தயக்கம் இருக்கும். ஆகவே 'நன்றி' என்று எழுதிவிட்டார்.

இதைச் சரிசெய்ய, இந்தச் சொற்களுக்கு ஈடான எளிய சொற்களைத் தேடினால் போதும் என்று நீ நினைக்கக்கூடும். அப்படிச் செய்து பார்த்தவர்களின் வரைவுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன், பயன் இருப்பதில்லை. அதே பத்தியை நல்ல தமிழாக்கி, 'ஒருங்கிணைந்த ஆற்றலைப் பயன்படுத்தி' என்று எழுதினாலும் மேலாளருக்கு அதே இருட்டுதான். (உன் பத்தியில் உள்ள 'முன்னெடுத்துச் செல்வோம்' தமிழ்தானே, அது எதையாவது தெரிவிக்கிறதா?) இந்தச் சொற்களுக்குப் பின்னால் எழுதாமல் விட்ட ஒரு தகவல் இருக்கும், அல்லது இன்னும் எடுக்காத ஒரு முடிவு இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் கண்டதும் யார், எதை, எப்போது என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத வேண்டும்.

உன் நீண்ட கடிதத்திலேயே அந்தப் பதில்களில் பெரும்பாலானவை இருந்தன என்பதுதான் எனக்கு வியப்பு. சினெர்ஜியை எடுத்துக்கொள். கணக்குப் பிரிவினர் சென்ற ஆண்டு வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலைச் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள், அதைப் பெற்றுக்கொண்டால் நாங்கள் மீண்டும் சரிபார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அந்த வாக்கியம் உண்மையில் ஒரு வேண்டுகோள்: உங்கள் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள். யாரிடம் கேட்க வேண்டுமோ அவருக்கே நேரில் எழுதிய மின்னஞ்சலில், கேட்பது தெரியாதபடி கேட்டிருக்கிறாய். அவர் பட்டியலை அனுப்பவில்லை என்று உன் குழு காத்திருக்கிறது. தன்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

பேண்ட்விட்த் என்பதிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. அது இரண்டு வேறுபட்ட நிலைமைகளை ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது. வேலை செய்ய ஆள் இல்லை என்பது ஒன்று. ஆள் இருந்தும் வேறு பணிக்கு முன்னுரிமை தந்துவிட்டோம் என்பது மற்றொன்று. முதலாவது என்றால், மேலாளர் தன் பிரிவிலிருந்து ஒருவரைச் சில நாள் அனுப்பி உதவலாம். இரண்டாவது என்றால், அந்த முன்னுரிமையை மாற்றும்படி மேலிடத்தில் பேசலாம். எது என்று தெரியாதவர் இரண்டையும் செய்யாமல் இருப்பார். உன் குழுவில் இந்த வேலை தெரிந்த இருவரில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார் என்று எனக்கு எழுதினாய். மேலாளருக்கும் அதையே எழுதியிருக்கலாம்.

'அலைன் ஆகி வருகிறோம்' என்பதை நான் எங்கே கண்டாலும், அங்கே இருவர் இன்னும் உடன்படவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. இன்வாய்ஸில் வரித் தொகையைத் தனியாகக் காட்டுவதா, மொத்தத்தோடு சேர்ப்பதா என்பதில் உன் குழுவும் விற்பனைப் பிரிவும் முடிவுக்கு வரவில்லை என்கிறாய். இது கணக்குப் பிரிவும் கருத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அல்லவா? ஆஃப்லைனில் பேசுவதைப் பற்றிய பகுதியை முழுவதும் நீக்கிவிடு. நீங்கள் எங்கே பேசிக்கொள்கிறீர்கள் என்பது மேலாளருக்குத் தேவையில்லை.

கடைசியாகச் சர்க்கிள் பேக். அடுத்த வாரம் மேலாளருக்கு எழுதுவோம் என்று நீ சொல்ல நினைத்தாய். ஆனால் யார் எழுதுவார்? நீயா, உன் குழுவில் வேறொருவரா? எதைப் பற்றி? வாரத்தின் எந்த நாளில்? அதுவரை பழைய முறை செல்லுமா? இத்தனையும் அதில் இல்லை. சில அலுவலகங்களில் அந்தச் சொல் 'இல்லை' என்று சொல்ல விரும்பாதவரின் அடைக்கலமாகவும் இருக்கிறது; அதை அறிந்த வாசகர், நீ உண்மையிலேயே எழுதுவதாக இருந்தாலும் நம்ப மாட்டார்.

நிச்சயமில்லாத தேதியைக் கொடுத்து மாட்டிக்கொள்ள முடியாது என்று நீ எழுதியிருப்பது நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. தேதி முடிவாகவில்லை என்பதையே எழுது. அது எதைப் பொறுத்து முடிவாகும் என்று எழுது. முடிவானாலும் ஆகாவிட்டாலும் எந்த நாளில் மீண்டும் தெரிவிப்பாய் என்று எழுது. வேலை முடியும் நாளைத்தான் உன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீ எழுதப்போகும் நாள் உன் கையில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்து நான் எழுதிப் பார்த்த வரைவு இது. தேதிகளை உன் வசதிப்படி மாற்றிக்கொள்.

"இந்த மாத இன்வாய்ஸ்களை வழக்கம்போலப் பழைய மென்பொருளிலேயே தயாரித்து அனுப்புங்கள். புதிய மென்பொருளுக்கு வாடிக்கையாளர் விவரங்களை மாற்றும் பணி தாமதமாகிறது. அந்த வேலை தெரிந்த இருவரில் ஒருவர் 20ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறார். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: சென்ற ஆண்டு நீங்கள் சரிபார்த்த முகவரிப் பட்டியலை 12ஆம் தேதிக்குள் எனக்கு அனுப்பினால், அதை நாங்கள் மீண்டும் சரிபார்க்கத் தேவையிருக்காது. வரித் தொகையைத் தனியாகக் காட்டுவதா என்பது விற்பனைப் பிரிவுடன் இன்னும் முடிவாகவில்லை. உங்கள் கருத்தையும் எழுதுங்கள். புதிய மென்பொருள் தொடங்கும் தேதி முடிவானாலும் ஆகாவிட்டாலும், 21ஆம் தேதி மாலைக்குள் நானே உங்களுக்கு எழுதுகிறேன்."

இது உன்னுடையதைவிட நீளம். எளிமையாக எழுதினால் சுருங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். விடுபட்ட தகவல்களைச் சேர்க்கும்போது சில சமயம் நீளத்தான் செய்யும். அதில் தவறில்லை. எளிய மொழிக்கென 2023இல் வெளியான ஐஎஸ்ஓ 24495-1 என்ற பன்னாட்டுத் தரமும் வாசகரை வைத்தே எளிமையை அளக்கிறது: அவர் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க முடிகிறதா, அதைப் புரிந்துகொள்ள முடிகிறதா, பயன்படுத்த முடிகிறதா? அதனால்தான் பழைய மென்பொருளிலேயே அனுப்புங்கள் என்பதை முதல் வாக்கியமாக வைத்தேன். அவர் அவசரத்தில் அதை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் மாத இறுதி வேலை நிற்காது.

'இன்வாய்ஸ்' என்ற சொல்லை நான் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அது அவர் நாள்தோறும் கையாளும் பொருளின் பெயர். அதை விளக்கப் போனால் அவரைச் சிறுபிள்ளையாக்கியதுபோல ஆகிவிடும். இந்த எல்லையைப் பிரிட்டன் அரசு இணையதளத்தின் நடை வழிகாட்டி நன்றாகப் பிடித்திருக்கிறது. லெவரேஜ் என்பதைத் தவிர்க்கச் சொல்லும் அது, நிதித் துறைப் பொருளில் வந்தால் மட்டும் இருக்கட்டும் என்கிறது. பீட்சாவையும் தபாலையும் சேவைகளையும் டெலிவர் செய்யலாம், முன்னேற்றம் போன்ற கருத்துகளை அல்ல என்கிறது. உன் சொற்களுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். வலைப்பின்னல் பொறியாளர் பேண்ட்விட்த் என்றால் ஒரு நொடிக்கு இத்தனை பிட் என்று அளந்து சொல்வார். இரு நிறுவனங்கள் இணையும்போது நிதித் துறையினர் சினெர்ஜியைப் பணமாகவே கணக்கிட்டு எழுதுவார்கள். அளவு இருப்பதால் அது தவறு என்று ஒருவர் மறுக்கவும் முடியும். உன் பத்தியில் இருந்த சினெர்ஜியை எவராலும் மறுக்க முடியாது.

குழுவுக்குள் பேசும்போது இந்தச் சொற்களை விட்டுவிடு என்று நான் வற்புறுத்த மாட்டேன். அங்கே அவை நேரத்தைக் காக்கின்றன. ஆனால் குழுவுக்குள் எழுதும் மின்னஞ்சலும் எப்போது வெளியே போகும் என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் 'பார்க்கவும்' என்று மட்டும் சேர்த்து மூன்றாமவருக்கு அனுப்பிவிடுவார். பிறர் வேலையைப் பாதிக்கும் செய்தி எதுவானாலும் அது வெளியே போகும் என்று எண்ணிக்கொண்டே எழுது.

அனுப்பும் முன் சரிபார்க்க நான் கையாளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் இல்லாத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, படித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதன்படி திங்கட்கிழமை நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். புரிகிறதா என்று கேட்பதில்லை. கேட்டால் எவரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். உன் பழைய வரைவை என் பக்கத்து மேசைக்காரரிடம், பெயர் எதுவும் இல்லாமல் காட்டினேன். "அவர்கள் எழுதும் வரை இன்வாய்ஸ்களை நிறுத்தி வைப்பேன்" என்றார். ஆகவே இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் கணக்குப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்துவிடு. அவர்களும் நிறுத்தி வைத்திருக்கக்கூடும்.

அன்புடன்,
உன் நண்பன்